ஆசம்ச: மாமா கல்யாண கார்டில் வந்து உட்காரும் மலையாளச் சொல்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தமிழ் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு கார்டைக் கொடுத்து, ‘மாமா கல்யாணத்துக்கு ஏதாவது எழுதிக் கொடு’ என்றால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ‘பிரியப்பட்ட மாமாவுக்கு விவாக மங்களாசம்சகள்.’ எழுத்து தமிழ், சொல் மலையாளம். பள்ளிக்கூடச் சுவரிலும் டவுன் பேனரிலும் அது தினமும் பார்க்கிற தொடர் என்பதால் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொடரின் ஒவ்வொரு சொல்லும் தமிழுக்குள் வரும்போது கொஞ்சம் இடம் மாறி விழுகிறது.

‘ஆசம்ச’ வடமொழி ‘ஆசம்ஸா’விலிருந்து வந்தது. எதிர்பார்ப்பு, விருப்பம், நல்லது நடக்க வேண்டும் என்ற எண்ணம் என்று பொருள். ‘ஆ’ என்று முடியும் வடமொழிச் சொற்களை மலையாளம் ‘அ’ என்று குறுக்கும். தமிழ் ‘ஐ’ என்று முடிக்கும். அங்கே கத, சப. இங்கே கதை, சபை. அந்தக் கணக்கில் இது தமிழுக்கு வந்திருந்தால் ‘ஆசம்சை’ ஆகியிருக்கும். சில பிள்ளைகள் தாங்களாகவே ‘ஆசம்சைகள்’ என்று எழுதுவதும் உண்டு. காது சரியாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் அப்படி ஒரு சொல் தமிழில் புழங்குவதில்லை. ஆந்திர எல்லையில், குப்பம் பக்கத்துப் பிள்ளைக்கு இதே இடத்தில் ‘சுபாகாங்க்ஷலு’ வந்து நிற்கும். அதுவும் ‘நல்ல விருப்பம்’தான்.

இதற்குத் தமிழ்ச் சொல் வாழ்த்து. தாழ், தாழ்த்து, வீழ், வீழ்த்து, ஆழ், ஆழ்த்து. அதே வார்ப்பில் வாழ், வாழ்த்து. தாழச் செய்வது தாழ்த்துவது என்றால், வாழச் செய்வது வாழ்த்துவது. ஆசம்ச மனதில் விரும்புவதோடு நிற்கிறது. வாழ்த்து, சொல்கிற சொல்லாலேயே வாழ வைக்கப் பார்க்கிறது. மலையாளத்திலும் ‘வாழ்த்துக’ உண்டு. ஆனால் அங்கே அது புகழ்தல், துதித்தல் என்ற பக்கம் போய்விட்டது. தேவாலயத்தில் ‘வாழ்த்தப்பெட்ட’ என்பது புனிதருக்கு முந்தைய நிலையில் இருப்பவருக்குக் கொடுக்கும் அடைமொழி. மலையாளம் படிக்கிற பிள்ளை மாமாவுக்கு ‘வாழ்த்து’ எழுதத் தயங்குவதில் இப்படி ஒரு நியாயமும் இருக்கலாம்.

இன்னொரு தயக்கம் பெரியவர்கள் மூட்டுவது. ‘சின்னப் பிள்ளை பெரியவங்களை வாழ்த்தலாமா?’ கல்யாண ஃபிளெக்ஸிலேயே ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’ என்று அடித்து வைக்கிறார்கள். இது ஆசியையும் வாழ்த்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது. ஆசி மேலிருந்து கீழே வருவது. தாத்தா, பாட்டி அட்சதை போட்டுச் சொல்வது. வாழ்த்துக்கு அந்தத் திசை கிடையாது. மனிதன் கடவுளைப் பாடுவதற்கே தமிழில் ‘கடவுள் வாழ்த்து’ என்றுதான் பெயர். பெரியாழ்வார் பெருமாளுக்கே பல்லாண்டு பாடினார். கடவுளுக்குச் செல்லுபடியாகும் சொல் மாமாவுக்குச் செல்லாதா?

இலக்கணமும் பிள்ளை பக்கம்தான். ‘வாழு’ என்றால் மரியாதைக் குறைவு, ‘வாழுங்கள்’ என்றால் கட்டளை மாதிரி. ‘வாழ்க’ என்ற வியங்கோள் வினைக்கு இந்தச் சங்கடமே இல்லை. ஆண், பெண், ஒருவர், பலர், பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் ஒரே உருவம். ‘மாமாவும் அத்தையும் வாழ்க’ என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதினாலும் யாருக்கும் குறை வராது.

தொடரின் மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். ‘பிரியப்பட்ட’ மலையாளத்தில் அன்புக்குரிய என்று பொருள்படும். தமிழில் ‘பிரியப்பட்டு வாங்கினேன்’ என்போம். ஆகவே ‘பிரியப்பட்ட மாமா’ என்றால் எதற்கோ ஆசைப்பட்ட மாமா. ‘அன்பு மாமாவுக்கு’ போதும். ‘விவாகம்’ தமிழில் பழைய பத்திரிகை நடையில் ‘விவாக சுபமுகூர்த்தம்’ என்று உண்டு, ஆனால் இன்று அந்தச் சொல்லை அதிகம் கேட்பது ‘விவாகரத்து’ என்பதில்தான். கல்யாண கார்டில் அந்த நினைப்பு எதற்கு? திருமணம் என்று எழுதலாம். பிள்ளை வாயில் வருவது கல்யாணம்; அதுவும் வடமொழிதான் என்றாலும் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது, இருக்கட்டும். ‘மங்களம்’ கச்சேரியின் கடைசியில் பாடுவது. ‘மங்களம் பாடிட்டாங்க’ என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். அதை விட்டுவிடலாம்.

உறவுச் சொல்லில்தான் பெரிய வழுக்கல். மலையாளத்தில் மாமாவின் மனைவி ‘அம்மாயி’. பாலக்காட்டை ஒட்டிய கொங்கு வீடுகளில் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. ‘மாமாவுக்கும் அம்மாயிக்கும் கல்யாண வாழ்த்து’ என்று பொள்ளாச்சிச் சொந்தங்கள் நடுவே கார்டு போனால், மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணப் பெண்ணுக்கு ‘அத்தை’ என்றே எழுதட்டும்.

அப்புறம், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ‘நீடூழி வாழ்க’, ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. ஊழி என்பது யுகக் கணக்கு. பதினாறு என்பது பதினாறு பேறுகள், பிள்ளைகள் அல்ல. ஒன்பது வயதில் இதை எழுதினால் அது பிள்ளையின் பேச்சாக இருக்காது, அப்பாவின் பேச்சாக இருக்கும். மாமாவுக்கும் தெரிந்துவிடும். வாழ்த்துக்கு வீட்டில் நாம் எப்போதும் சொல்கிற உருவம் ‘நல்லா இருக்கணும்’ என்பதுதான். கார்டும் அப்படியே இருக்கலாம்:

‘அன்பு மாமாவுக்கும் புது அத்தைக்கும், உங்கள் கல்யாணத்துக்கு என் வாழ்த்துகள். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் சிரிச்சுட்டே நல்லா இருக்கணும். மாமா எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தாங்க. அத்தைக்குத் தெரியலைன்னா நான் சொல்லித் தரேன். கல்யாணத்துக்கு அப்புறமும் ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வரணும். மாமாவும் அத்தையும் வாழ்க. இப்படிக்கு, உங்க அக்கா பொண்ணு.’

இதில் ‘வரணும்’ என்பதை ‘வர வேண்டும்’ என்று திருத்த வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய எழுத்து ஒன்றுதான்: வாழ்த்துகள், நடுவில் ‘க்’ வேண்டாம். ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதுபவர்கள் நிறைய, அதற்காகப் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். கையெழுத்தில் ‘மருமகள்’ என்பதும் சரியான முறைதான். இரண்டு மொழியிலும் அக்கா மகளுக்கு அதே சொல். ஆனால் மருமகள் என்றதும் மகனின் மனைவி நினைவுக்கு வருவதால், அக்கா பொண்ணு நல்லது.

எல்லையில் மலையாள வீட்டுப் பெண்ணைக் கட்டுவது சாதாரணம். அத்தை மலையாளம் பேசுபவர் என்றால் மேலே சொன்ன கணக்கு பாதி மாறும். தமிழ்க் கார்டின் அடியில் அவருக்கென்று ஒரு வரி, மலையாள எழுத்திலேயே, ‘அம்மாயிக்கு விவாஹாசம்சகள்’ என்று பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். அங்கே அம்மாயியும் சரி, ஆசம்சையும் சரி. பாட்டிக்கு மட்டும் அந்த வரியைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும்.