வீரிய வைட்டமினா, இயங்கு வைட்டமினா?

'வீரிய வைட்டமின் டி' என்ற சொல்லைக் காரைக்குடிப் பக்கத்து மருந்துக்கடைகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்த ஒரு கைப்பிரசுரத்திலும் அதே சொல் அச்சாகி வந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. 'ஆக்டிவ் வைட்டமின் டி' என்பதற்கு யாரோ செய்த மொழிபெயர்ப்பு இது. ஆக்டிவ் என்றால் சுறுசுறுப்பு, சுறுசுறுப்பு என்றால் வீரியம் என்று போயிருக்கிறார்கள் போலும்.

சொல்லின் வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'வைட்டமின்' என்பது 1912இல் கசிமிர் ஃபங்க் ஆக்கிய சொல். உயிர் என்று பொருள்படும் லத்தீன் வேரோடு 'அமீன்' என்ற வேதிப்பெயரை ஒட்டினார். இந்தப் பொருள்கள் எல்லாமே அமீன்கள் அல்ல என்று பிறகு தெரிந்ததால், 1920இல் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி எழுத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஏ, பி, சி ஏற்கெனவே போய்விட்டதால் 1922இல் மெக்கல்லம் குழு கண்டதற்கு டி என்று பெயர் வந்தது. அடுத்து 'கால்சிட்ரியால்'. 'ஆக்டிவ் வைட்டமின் டி' என்பது இதைத்தான். 'கால்சி' லத்தீனில் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கால்சியத்தை நம் வீடுகளில் சுண்ணாம்புச்சத்து என்பது சரியான தமிழ்தான், அதில் எனக்கு வழக்கில்லை. 'ட்ரி' என்றால் மூன்று. கடைசி 'ஆல்' ஹைட்ராக்சில் தொகுதியைக் காட்டுகிறது, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு ஒட்டு. ஆக, சுண்ணாம்போடு தொடர்புடைய, மூன்று ஒட்டு உள்ள பொருள். இந்த மூன்று ஒட்டும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தாலே 'வீரியம்' ஏன் தப்பு என்பது விளங்கிவிடும்.

முதல் ஒட்டு தோலிலேயே இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவான 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் தோலின் உயிரணுக்களில் கிடக்கிறது, ஒரு ஹைட்ராக்சிலோடு. வெயிலில் உள்ள புறஊதா-பி கதிர் பட்டதும் அதன் வளையம் ஒன்று உடைகிறது. உடைந்த பொருள் உடல் சூட்டிலேயே மெல்ல உருமாறி வைட்டமின் டி3 ஆகிறது. வெயிலில் வைட்டமின் இல்லை, தோல் அதை 'உறிஞ்சுவதும்' இல்லை. வெயில் தருவது உடைக்கும் ஆற்றலை மட்டும்தான். இன்னொன்று, சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். பெல்ஜியம் கண்ணாடி பதித்த ஜன்னலோரம் காலையெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கு வெளிச்சம் கிடைக்கும், கதகதப்புக் கிடைக்கும், டி3 கிடைக்காது. திறந்த முற்றத்தில் நேர் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்தால் கதை வேறு.

இரண்டாவது ஒட்டைக் கல்லீரல் போடுகிறது. 25ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் ஏறி, 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிறது. இதில் கல்லீரல் அதிகம் கணக்குப் பார்ப்பதில்லை. டி3 எவ்வளவு வந்தாலும் பெரும்பாலும் மாற்றி அனுப்பிவிடும். இந்த வடிவம் இரத்தத்தில் இரண்டு மூன்று வாரம் நிற்கும். அதனால்தான் 'வைட்டமின் டி டெஸ்ட்' என்று நாம் எடுப்பது இதன் அளவை.

மூன்றாவது ஒட்டு சிறுநீரகத்தில். முதல் கார்பனில் இன்னொரு ஹைட்ராக்சில் ஏறியதும்தான் கால்சிட்ரியால். சிறுநீரகத்தின் இந்தப் பங்கை ஃப்ரேசரும் கோடிசெக்கும் 1970இல் காட்டினார்கள். கல்லீரலைப் போல் இங்கே தாராளம் கிடையாது, ஒவ்வொரு துளிக்கும் கணக்கு உண்டு. கணக்குப்பிள்ளை யார் என்றால் தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகள். இரத்தத்தில் கால்சியம் சற்றே இறங்கினாலும் அவை பாராதைராய்டு ஹார்மோனை விடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கும், சிறுநீரில் கால்சியம் வீணாவதைக் குறைக்கும், கூடவே சிறுநீரகத்திடம் 'மூன்றாவது ஒட்டைப் போடு' என்று சொல்லும். அப்படி உருவான கால்சிட்ரியால் குடலுக்குப் போய், கால்சியத்தை உள்ளே இழுத்துக் கடத்தும் புரதங்களை உண்டாக்க வைக்கும். கால்சிட்ரியால் இல்லாவிட்டால் சாப்பாட்டிலுள்ள கால்சியத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவுதான் ஏறும். அது இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் ஏறும். கால்சியம் சரியானதும் கால்சிட்ரியாலே பாராதைராய்டை அடக்குகிறது. போதாததற்குத் தன்னையே சிதைக்கும் நொதியையும் தூண்டிவிட்டுச் சில மணி நேரத்தில் காணாமல் போகிறது.

நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல் வைத்திருக்கிறோம். சோற்றை 'வீரிய நெல்' என்று யாராவது சொல்வார்களா? வீரியம் என்பது ஒரே பொருளின் காரம் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் சொல். 'மருந்தில் வீரியம் போயிடுச்சு' என்போம், வீரிய விதை என்போம். வீரியம் குறைந்ததை இரண்டு பங்கு எடுத்தால் கூடியதற்குச் சமமாகிவிடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இங்கேதான் ஆபத்து.

எங்கள் தெரு ஆச்சி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவர், பழுது கூடக் கூட இரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 4.1. கால்சியம் 7.8 மில்லிகிராம். 8.5க்குக் கீழே என்றால் குறைவு. இரத்தத்தில் கால்சியம் ஒட்டிக்கொண்டு திரியும் அல்புமின் என்ற புரதம் சரியாக இருந்ததால் 7.8 நிஜமான குறைவுதான். பாஸ்பேட் கூடுதல், பாராதைராய்டு ஹார்மோன் 460, அதாவது இயல்பின் மேல்வரம்பைப் போல் ஏழு மடங்கு. ஆனால் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி 38 நானோகிராம், போதுமான அளவு. மருத்துவர் தினம் ஒரு கால்சிட்ரியால் மாத்திரை, 0.25 மைக்ரோகிராம், எழுதினார். இரண்டு மாதமாகக் கடையில் அது கிடைக்கவில்லை. பேரன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, ரிப்போர்ட்ல வைட்டமின் டி போதும்னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு வீரிய வைட்டமின்? வேணும்னா சாதாப் பொட்டலத்தையே வாரம் ரெண்டா கொடுத்துட்டா சரியாப் போகும்ல?"

என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு மாதமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அந்தப் பொட்டலம் 60,000 யூனிட் டி3. நாற்பது யூனிட்டுக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற கணக்கில் 1500 மைக்ரோகிராம். மாத்திரையில் இருப்பது அதில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. எடையைப் பார்த்தால் பொட்டலம்தான் வீரியம்! மறுபடி சோதித்தபோது 25-ஹைட்ராக்சி 96க்கு ஏறியிருந்தது, கால்சியம் 7.7லேயே நின்றது, பாராதைராய்டு ஹார்மோன் 500ஐத் தாண்டியது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, இராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு என்று ஆச்சி சொல்லிக்கொண்டிருந்தது கால்சியக் குறைவின் அடையாளம். வீட்டில் அதை வயசு என்று நினைத்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். கல்லீரல் கொடுத்ததையெல்லாம் அரிசியாக்கிக் களஞ்சியத்தை நிரப்பிவிட்டது. வேகவைக்க அடுப்பு இல்லை. பழுதான சிறுநீரகத்தால் மூன்றாவது ஒட்டைப் போதுமான அளவு போட முடியவில்லை, போதாக்குறைக்குத் தேங்கிய பாஸ்பேட்டும் அந்த வேலையை அடக்குகிறது. குடல் கால்சியத்தை இழுக்கவில்லை. பாராதைராய்டு விடாமல் கத்துகிறது, அதன் சத்தத்துக்கு இணங்கி எலும்பு கரைகிறது. பொட்டலத்தை நிறுத்தி, உணவில் பாஸ்பேட்டைக் குறைத்து, மாத்திரையை மீண்டும் தொடங்கிய சில வாரங்களில் கால்சியம் 8.8க்கு வந்தது, பாராதைராய்டும் இறங்கத் தொடங்கியது. சில சமயம் கால்சிட்ரியாலுக்குப் பதில் ஆல்ஃபாகால்சிடால் எழுதுவார்கள். அதில் முதல் கார்பனின் ஒட்டு தொழிற்சாலையிலேயே போட்டு வருகிறது, 25ஐக் கல்லீரல் போட்டுக்கொள்ளும். சிறுநீரகம் தேவையில்லை. இரண்டையும் கடைக்காரர் 'வீரியம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்.

மறுபக்கமும் உண்டு. சிறுநீரகத்தின் கணக்கு வழக்கைத் தாண்டி நேரே உள்ளே போவதால் கால்சிட்ரியால் கொஞ்சம் கூடினாலும் கால்சியம் ஏறிவிடும். குமட்டல், மலச்சிக்கல், தாகம், மனக்குழப்பம் என்று காட்டும். அதனால்தான் இதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அடிக்கடி பார்க்கிறார்கள். நிறுத்தினால் சில நாளில் இறங்கிவிடும். டி3 அளவு மீறிப் போனால் கொழுப்பில் தங்கிவிடுவதால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படுத்தும். வெயிலால் மட்டும் இந்த மிகை வராது. கூடுதல் வெயிலில் தோலே அதை உதவாத வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது.

சரி, எந்தச் சொல்லை வைப்பது? 'உயிர்ச்சத்து டி' என்பாரும் உண்டு. சி-க்கு அந்தச் சொல் பொருந்தும். டி விஷயத்தில் 'சத்து' என்றதும் சாப்பிட வேண்டியது என்ற எண்ணம்தான் வருகிறது. ஆனால் இது நம் உடலே மூன்று இடத்தில் வைத்துச் செய்கிற ஹார்மோன். 'செயலூக்கப்பட்ட' என்று பாடநூல் நடையில் எழுதுகிறவர்கள் பொருளில் தவறவில்லை, ஆனால் ஊக்கம் என்றதும் மறுபடி வீரியத்தின் வாடை. 'செயலில் உள்ள வைட்டமின் டி' என்று எழுதுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது! ஃபோன் திரையில் 'ஆக்டிவ்' என்பதற்கு வரும் தமிழை மருந்துக்கும் எடுத்து ஒட்டியவர்கள் அவர்கள். மொழிபெயர்க்கிறவர் அந்த மாத்திரை எங்கே போய் என்ன செய்கிறது என்று ஒரு மருந்தாளுநரிடம் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் இவற்றில் ஒன்றும் அச்சேறியிருக்காது.

என் தேர்வு 'இயங்கு வடிவம்'. ஹார்மோனை இயக்குநீர் என்று சொல்லும் வழக்கத்தோடும் ஒத்துப் போகிறது. அது நீரா என்று தனித்தமிழ் நண்பர்கள் சண்டைக்கு வந்தால் அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். 25-ஹைட்ராக்சிக்கு 'இருப்பு வடிவம்' போதும், இரத்தச் சோதனை காட்டுவது அதைத்தானே. பொட்டலத்தில் வருவதை வைட்டமின் டி3 என்றே விட்டுவிடலாம். கைப்பிரசுரத்தில் இப்படி எழுதலாம்: "உங்கள் இரத்தச் சோதனை காட்டுவது வைட்டமின் டி-யின் இருப்பு வடிவத்தை. இந்த மாத்திரை அதன் இயங்கு வடிவம், உங்கள் சிறுநீரகம் செய்ய முடியாதது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சாப்பிட வேண்டாம். மாத்திரை கிடைக்காவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்."