"தீபாவளி முடியட்டும்ணே": பாக்கி வசூலில் வாய்தாவும் தேதியும்

மதுரையில் பாக்கி கேட்டுப் போனால் யாரும் முகத்தில் அடித்த மாதிரிப் பேசுவதில்லை. உட்காரச் சொல்வார்கள், காபி வரும், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பார்கள். "குடுக்க மாட்டேன்" என்பது மட்டும் வாயில் வராது. சிறுதொழில்காரர்களுக்குக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. வசூலுக்குப் போய் வந்தவரிடம் "என்னண்ணே சொன்னாங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் "நல்லாத்தான் பேசுனாங்க, குடுத்துருவாங்க" என்பார். யார் சொன்னது, எவ்வளவு, எந்தத் தேதி என்று அடுத்து கேட்டால் பதில் இருக்காது.

அதனால் ஒரு பாக்கி நோட்டு போடச் சொல்வேன். பேசிய தேதி, பேசிய ஆள், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, சொன்ன தேதி, சொன்ன தொகை, கடைசியில் நடந்தது என்ன. இவ்வளவுதான். "அப்படியே" என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். "பாத்துர்றேன்" என்று அவர் சொன்னதை இவர் "தருவதாகச் சொன்னார்" என்று எழுதிவிட்டால் நோட்டு கெட்டது. பார்க்கிறேன் என்றவர் பணம் தருவதாக எதுவும் சொல்லவில்லை.

கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் இரும்பு ரேக் செய்யும் ஒருவரின் நோட்டைப் பார்ப்போம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நகருக்குள் ஒரு துணிக்கடை, புதிய கிளைக்கு ரேக் எடுத்தது. ஆகஸ்ட் 4 அன்று சரக்கு இறங்கியது. ரேக் 2,00,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 36,000, ஆக 2,36,000 ரூபாய். பேசிய தவணை முப்பது நாள், அதாவது செப்டம்பர் 3. ரேக்காரர் மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர். ஆகவே கடைக்காரர் ஒரு ரூபாய் தருவதற்கு முன்பே, செப்டம்பர் 20க்குள் அந்த 36,000 வரியைத் தன் கையிலிருந்து கட்டியாக வேண்டும். வசூல் தள்ளும்போது லாபம் மட்டும் நிற்பதில்லை, வரியும் சேர்ந்து நிற்கிறது.

நோட்டின் முதல் வரி செப்டம்பர் 5. பேசியது கடையின் அக்கவுண்டன்ட். "பில்லு என் டேபிளுக்கு இன்னும் வரலைண்ணே. ஸ்டோர்ல இருக்கும். திங்கக்கிழமை பாத்துர்றேன்."

இதை நான் பொய் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பில் பணமாவதற்கு ஒரு வழி இருக்கிறது. சரக்கை இறக்கிய ஸ்டோர், கணக்கில் ஏற்றும் அக்கவுண்டன்ட், கையெழுத்துப் போடும் முதலாளி, கடைசியில் பேங்கில் இருக்கும் பணம். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சாக்கும் பில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. சாக்கு உண்மையா பொய்யா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அந்தச் சாக்கை மறுபடி சொல்ல முடியாதபடி அடைப்பதுதான் காரியம். ஸ்டோர் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலானையும் பில்லையும் அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கெடச்சதுன்னு ஒரு வரி போட்டுருங்க தம்பி" என்று கேட்கச் சொன்னேன். 8ஆம் தேதி பதில் வந்தது. பில் ஸ்டோரைத் தாண்டிவிட்டது.

செப்டம்பர் 12. அதே அக்கவுண்டன்ட். "முதலாளி பர்ச்சேஸுக்கு சூரத் போயிருக்கார். 18 வந்துருவார். 20ந்தேதி முழுசா செக் குடுத்துர்றோம்." தேதியும் தொகையும் உள்ள முதல் சொல் இதுதான். இதற்கு முன்னால் இருந்தது பேச்சு, வாய்தாகூட இல்லை.

20 வந்தது, செக் வரவில்லை. ரேக்காரர் 22 அன்று கூப்பிட்டார். "தீபாவளிச் சரக்கு வந்து எறங்கிருச்சுண்ணே, பணம் பூரா அதுல மாட்டிக்கிச்சு. 30ந்தேதி பாதி அனுப்பிர்றோம்." இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தவறிய வாய்தாவைப் பற்றி அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. தேதிக்கு முந்தின நாளே "அண்ணே, ரெண்டு நாள் பொறுங்க" என்று போன் பண்ணுகிறவரையும், நாம் கூப்பிட்ட பிறகு காரணம் சொல்கிறவரையும் நான் ஒரே தட்டில் வைப்பதில்லை. நோட்டில் இதற்கும் ஒரு குறி போடலாம். இரண்டாவது, பில் கையெழுத்தைத் தாண்டிப் பணம் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. பண்டிகைக்கு முன்னால் ஜவுளிக்கடையில் பணம் சரக்கில் முடங்குவது நடக்கிற காரியம்தான். சாக்கு முன்னோக்கித்தான் நகர்ந்திருக்கிறது. அதனால் பொறுக்கலாம் என்றேன்.

பாதி என்றால் 1,18,000. வந்தது அக்டோபர் 3 அன்று, 1,00,000. மூன்று நாள் தாமதம், 18,000 குறைவு. ரேக்காரருக்கு மகிழ்ச்சி, "வந்துருச்சுல்ல" என்றார். மகிழ்ச்சி இருக்கட்டும், ஆனால் நோட்டில் சொன்னதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். இவர்கள் தேதி சொன்னால் இரண்டு மூன்று நாள் தள்ளி வரும், தொகை கொஞ்சம் குறையும் என்ற கணக்கு அங்கேதான் கிடைக்கிறது. அடுத்த வாய்தாவை வைத்து நாம் யாருக்காவது பணம் தருவதாக ஒத்துக்கொள்ளும்போது இந்தக் கணக்குதான் உதவும்.

மீதிக்குக் கிடைத்த பதில், "தீபாவளி முடியட்டும்ணே." எங்கள் பக்கத்தில் இது ஒரு காலண்டர். ஆடி முடியட்டும், தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும், சித்திரைத் திருவிழா முடியட்டும். பண்டிகை முடிந்த மறுநாளும் அது முடிந்ததுதான், மூன்று மாதம் கழித்தும் அது முடிந்ததுதான். ஆகவே சண்டை போடாமல் தேதியை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். "20 தீபாவளி. ஒரு வாரம் விட்டு 27ன்னு எழுதிக்கவா?" "27ன்னு வச்சுக்கங்க" என்றார் அக்கவுண்டன்ட். உடனே வாட்ஸ்அப்பில் "பேசியபடி மீதி 1,36,000, அக்டோபர் 27" என்று ஒரு வரி அனுப்பியாயிற்று. நீல டிக் வந்தது, மறுப்பு வரவில்லை.

தேதி எடுத்துக் கொடுக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பல கடைகளில் வெள்ளிக்கிழமை பணம் வெளியே விடமாட்டார்கள். சிலருக்குச் செவ்வாயும் ஆகாது. அது சாக்கு இல்லை, வழக்கம். வெள்ளிக்கிழமையில் வாய்தா வாங்கினால் அதைத் தவறவிட நாமே வழி செய்து கொடுத்த மாதிரி.

27 அன்று பேசியது முதலாளியே. "என்ன வேலை பாத்தீங்க? ரெண்டு ரேக்குல பெயிண்ட் உரியுது. அத முடிங்க, அப்புறம் பேசுவோம்."

நோட்டில் நான் சிவப்பு மையில் வட்டம் போட்ட வரி இது. சரக்கு இறங்கி 84 நாள் ஆகிவிட்டது. ஒரு லட்சம் கொடுத்தாயிற்று, மீதிக்குத் தேதியும் சொல்லியாயிற்று. அதுவரை பெயிண்ட் பற்றி ஒரு பேச்சு இல்லை. பில் பணம்வரை வந்துவிட்டு மறுபடி ஸ்டோருக்குத் திரும்பிப் போகிறது. முன்னோக்கி நகரும் எந்தச் சாக்குக்கும் நான் அவசரப்படுவதில்லை. பின்னோக்கி நகரும் முதல் சாக்குக்கே அவசரப்பட வேண்டும். பணமில்லை என்பதற்கான முகமூடியாகவும் அது இருக்கலாம், மெய்யாகவே உரிந்தும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். மறுநாள் காலையிலேயே ஆள் அனுப்பி, தொட்டுப் பூசி, "சரிசெய்யப்பட்டது" என்று ஸ்டோரில் கையெழுத்து வாங்கினோம். உண்மையாகவே இரண்டு இடத்தில் உரிந்திருந்தது.

கூடவே ஒரு கடிதமும் போனது. சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இறக்கிய அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. தவணை எவ்வளவு பேசியிருந்தாலும் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. பேசிய தவணையைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கு கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு வைத்திருக்கும் உற்பத்தியாளர் இதை வைத்து, பாக்கித் தகராறை விசாரிக்கும் வசதி மன்றத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் மதுரையிலும் ஒரு மன்றம் இருக்கிறது.

ஆனால் கடிதத்தில் வட்டியை நாங்கள் எழுதவில்லை. எழுதியது இரண்டே விஷயம். ஒன்று, தேதிவாரியான பாக்கி விவரம், கீழே "மீதி 1,36,000 சரி" என்று கையெழுத்துப் போட இடம். கடன் வழக்குக்கான மூன்று வருடக் காலக்கெடு, அதற்குள் கடனை எழுத்தில் ஒத்துக்கொண்டால் அந்த நாளிலிருந்து புதிதாக ஓடும். இரண்டாவது, ஜிஎஸ்டி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் அந்தப் பில்லுக்கு எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். இந்தப் பில்லுக்கு அந்த நாள் ஜனவரி 31. முதலாளிக்கு இது பெரிய செய்தி இல்லை, அக்கவுண்டன்ட்டுக்குச் சட்டென்று புரியும். (சிறு நிறுவனங்களுக்குக் காலத்தில் தராத பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட விடாத, எல்லாரும் பேசும் வருமான வரிப் பிரிவு 43பி(எச்) இங்கே கடிக்காது. ரேக் அவர்களுக்கு மூலதனச் செலவு. கைப்பை, பெட்டி மாதிரி அந்த வருடச் செலவாக எழுதும் பொருளாக இருந்தால் அதையும் நினைவூட்டியிருப்பேன்.)

பாக்கி விவரத்தில் கையெழுத்து வந்தது. கூடவே நவம்பர் 8 அன்று 68,000, 22 அன்று 68,000 என்று இரண்டு வாய்தா. 8 அன்று மாலை "போட்டாச்சுண்ணே, பேங்க்ல லேட்டு" என்றார்கள். இந்தப் பதிலுக்கு ஒரே கேள்விதான்: யூடிஆர் நம்பர் என்ன? நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் விடுமுறை நாள் உட்பட 24 மணி நேரமும் நடக்கிறது. அனுப்பிய பணத்துக்கு அந்த நம்பர் கட்டாயம் இருக்கும். நம்பர் வரவில்லை, 10ஆம் தேதி பணம் வந்தது. இரண்டாவது தவணை 22 அன்றே வந்துவிட்டது.

டிசம்பரில் அதே கடை இன்னொரு மாடிக்கு ரேக் கேட்டது. கொடுக்கலாமா என்று ரேக்காரர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தேதி சொன்ன வாய்தாக்களில் இரண்டு அடியோடு தவறின, இரண்டு, இரண்டு மூன்று நாள் தள்ளி வந்தன, ஒன்று சொன்ன அன்றே வந்தது. மெதுவாகக் கொடுப்பவர்கள், கொடுக்காதவர்கள் இல்லை. அறுபது சதவீதம் முன்பணம், மீதி சரக்கு இறக்குவதற்கு முதல் நாள், மாட்டி முடித்த அன்றே ஸ்டோரில் சரிபார்த்துக் கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தோம். ஒத்துக்கொண்டார்கள். அக்கவுண்டன்ட் கேட்ட ஒரே மாற்றம், சரக்கு இறங்கும் நாளைச் சனிக்கிழமையிலிருந்து திங்களுக்குத் தள்ள வேண்டும் என்பது. சனிக்கிழமை இறக்கினால் பணம் வெள்ளிக்கிழமை போக வேண்டியிருக்கும்.