ஊன்றுசுட்டு: டாலர் போட்ட முகவரிக்குத் தமிழில் என்ன பெயர்?

"முழுமையான குறிப்பைப் பெற F4 விசையை அழுத்தவும்." விரிதாள் பயிற்சிக் கையேடு ஒன்றில் இந்த வரியை மூன்றாவது முறையாகப் படித்தபோது, பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அப்போ டாலர் போடாதது அரைகுறைக் குறிப்பா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை.

விரிதாள் வாய்பாட்டில் $E$1 என்று டாலர் போட்டு எழுதும் கட்ட முகவரியைத்தான் கையேடு அப்படிச் சொல்கிறது. ஆங்கிலத்தில் இதை அப்சல்யூட் ரெஃபரன்ஸ் என்கிறார்கள். அப்சல்யூட் லத்தீனிலிருந்து வந்தது, "அவிழ்த்துவிடப்பட்டது" என்று பொருள். வாய்பாடு எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதைப் பொருட்படுத்தாத முகவரி, அவ்வளவுதான். "முழுமை" என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பொருள். மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் வரியோடு எழுந்து போய்விட்டார்.

"குறிப்பு" இன்னும் மோசம். கட்டத்தின் மூலையில் நாம் எழுதி ஒட்டும் குறிப்புக்கும் அதே சொல்தான். E1 என்பது குறிப்பு அல்ல, சுட்டு. அந்த, இந்த என்று சுட்டும் மொழியில் இதற்கா பஞ்சம்?

சரி, சுட்டு என்றே வைத்துக்கொள்வோம். எந்தச் சுட்டு? அறிவியல் நூல்களில் அப்சல்யூட் டெம்பரேச்சருக்குத் தனிவெப்பநிலை என்று இருப்பதால் "தனிச்சுட்டு" என்பார்கள். மூலத்துக்கு நெருக்கம்தான், ஆனால் கேட்பவர் ஒற்றைச் சுட்டு என்றே நினைப்பார். அலுவலகத்தில் "லாக் பண்ணு" என்பதை வைத்துப் "பூட்டுச்சுட்டு" என்றால், யாரும் திருத்த முடியாதபடி கட்டத்தைப் பூட்டும் வசதியோடு குழம்பும். எனக்கே பிடித்திருந்தது "நிலைச்சுட்டு". அதையும் விட வேண்டியதாயிற்று. காரணத்தை விரிதாளிலேயே பார்க்கலாம்.

B2 முதல் B9 வரை தொகைகள். E1-இல் 5%. C2-இல் இப்படி அடிக்கிறோம்:

```
=B2*E1
```

C2:C9-ஐத் தேர்ந்து Ctrl+D. C3-இல் B3*E2, C4-இல் B4*E3 என்று இரண்டு முகவரிகளுமே இறங்கிவிடும். E2 முதல் கீழே எல்லாம் காலி என்றால் C3 முதல் எல்லாம் பூஜ்யம். B2 1000 என்றால் C2-இல் 50. C10-இல் Alt+= போட்டு Enter தட்டினால் கூட்டுத்தொகையும் அதே 50. கூட்டுத்தொகை முதல் வரியோடு ஒத்துப்போனால் இதுதான் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். E2-இல் வேறு ஏதாவது எண் கிடந்தால்தான் ஆபத்து. விடை நம்பும்படி இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சுட்டியைத் தொடாமல் செய்ய எனக்குப் பிடித்த வழி: C2-இல் நின்று Shift-ஐப் பிடித்தபடி கீழ் அம்பால் C9 வரை தேர்ந்து, வாய்பாட்டை அடித்து, E1 முடிந்த இடத்திலேயே F4. உடனே இப்படி மாறும்:

```
=B2*$E$1
```

Enter வேண்டாம், Ctrl+Enter. எட்டுக் கட்டமும் ஒரே அடியில் நிரம்பும். F4-ஐ மறுபடி தட்டினால் E$1, அப்புறம் $E1, அப்புறம் பழைய E1. நான்கு நிலைகளைச் சுற்றிவரும் இந்த விசைக்கு "இருநிலை மாற்றி" என்று பெயர் வைத்தவரை என்ன சொல்ல! ஒன்று, இதைத் தட்டச்சின் நடுவிலேயே அழுத்த வேண்டும். Enter தட்டியபின் அழுத்தினால் எக்செல் கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும்.

இப்போது முதல் நிரைக்கு மேலே ஒரு நிரையைச் செருகுங்கள். $E$1 தானாக $E$2 ஆகிவிடும். நிலையானது என்று பெயர் வைத்தோமே, நகர்ந்துவிட்டதே! உண்மையில் அது அந்த 5% இருக்கும் கட்டத்தில் ஊன்றிய கம்பு. வாய்பாட்டை எங்கே நகலெடுத்தாலும் கம்பு அசையாது, கட்டமே இடம்பெயர்ந்தால் கம்பும் கூடவே போகும். அதனால்தான் ஊன்றுசுட்டு என்கிறேன். $E1 என்றால் நிரலை மட்டும் ஊன்றியது, E$1 என்றால் நிரையை மட்டும் ஊன்றியது. விளக்கவும் எளிது.

டாலர் இல்லாததைச் "சார்புச் சுட்டு" என்கிறார்கள். SUM போன்றவற்றுக்கும் சார்பு என்றே பெயர் இருப்பதால் அதுவும் உதவாது. நகர்சுட்டு போதும்.

1979-இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளில் டாலர் குறியே கிடையாது. வாய்பாட்டைப் படியெடுக்கும்போது ஒவ்வொரு முகவரிக்கும் நிறுத்தி, "மாற்றமில்லையா, சார்ந்ததா" என்று கேட்கும், மாற்றமில்லை என்றால் N, சார்ந்தது என்றால் R அடிக்க வேண்டும். அங்கே "முழுமை" என்ற பேச்சே இல்லை. திரையைத் திறந்து ஒருமுறை கீழே நிரப்பிப் பார்த்திருந்தால் நம் மொழிபெயர்ப்பாளருக்கும் அந்தச் சொல் தோன்றியிருக்காது. அவர் கையில் இருந்ததோ வெறும் சொற்பட்டியல்.