திரிகோணகணித மீட்டல்: தொலையும் தீர்வுகளைத் தேடிப் பன்னிரண்டு நாட்கள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஆவணி மாதத்தில் நடந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மாணவர்கள் நல்லூர்த் திருவிழாவின் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே திரிகோணகணிதத்தை மீட்டினார்கள். 2024, 2025 ஆம் ஆண்டுகளில் பரீட்சை கார்த்திகையில் தொடங்கியதால், மழைச் சத்தத்துக்கு நடுவே மீட்டினார்கள். காலம் மாறியும் மாறாதது அவர்கள் மீட்டும் முறை: சூத்திரங்களை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, அதைப் பார்த்துப் பார்த்துப் பாடமாக்குவது. இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில், அந்த அட்டை தீர்க்கும் சிக்கல் சிறியது என்றும், புள்ளிகள் கரைந்துபோவது வேறோர் இடத்தில் என்றும் விடைத்தாள்களில் தொடர்ந்து கண்டுவருகிறேன்.

முதலில் எவ்வளவு புள்ளி பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இணைந்த கணிதம் முதலாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம். பகுதி A இல் தலா 25 புள்ளி கொண்ட பத்து வினாக்களுக்கும், பகுதி B இல் தலா 150 புள்ளி கொண்ட ஏழு வினாக்களில் ஐந்துக்கும் விடை எழுத வேண்டும். மொத்தம் 1000 புள்ளி. திரிகோணகணிதம் வழக்கமாகப் பகுதி A இன் கடைசி வினாவாகவும், பகுதி B இன் பதினேழாம் வினாவாகவும் வருகிறது. பதினேழாம் வினாவில் சமன்பாடு, முக்கோணி, நேர்மாறுச் சார்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் தனித்தனிப் பிரிவுகளாக அமையும். 180 நிமிடத்தை 1000 புள்ளிக்குப் பங்கிட்டால் 150 புள்ளிக்கு 27 நிமிடம் கிடைக்கிறது. கீழே சொல்லும் திட்டம் அந்த 27 நிமிடத்தை நோக்கியது. நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலமாகப் பன்னிரண்டு நாட்களுக்கு அமைத்திருக்கிறேன்.

முதல் நாளில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. கடந்தகால வினாத்தாள் ஒன்றின் பதினேழாம் வினாவை எந்த உதவியுமின்றிச் செய்து, புள்ளித்திட்டத்தை வைத்துத் தாமே திருத்தி, புள்ளி இழந்த ஒவ்வொரு இடத்தையும் மூன்று நிரல்களில் ஒன்றில் எழுத வேண்டும். சூத்திரம் நினைவில் வரவில்லை என்பது முதல் நிரல், எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்பது இரண்டாவது, விடை வந்தும் புள்ளி வரவில்லை என்பது மூன்றாவது. சென்ற தடவை என்னிடம் வந்த ஒரு மாணவி, "சேர், சூத்திரம் எல்லாம் பாடமாக்கிப்போட்டன், ஆனாப் புள்ளி மட்டும் ஏறுதில்லை" என்றார். அவருடைய முதல் நிரல் வெறுமையாக இருந்தது. மூன்றாவது நிரல் நிறைந்து வழிந்தது. நல்ல மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பதும் இதுவே: சமன்பாட்டின் சில தீர்வுகள் வழியில் தொலைந்துபோயிருக்கும், அல்லது இல்லாத தீர்வுகள் உள்ளே நுழைந்திருக்கும்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள் சூத்திரங்களுக்கு உரியவை. ஆனால் பாடமாக்குவதற்கு அல்ல, பெறுவதற்கு. sin(A ± B), cos(A ± B) ஆகியவற்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஏனையவற்றை வெற்றுத்தாளில் வருவித்தால் போதும். சான்றாக, sin(A + B), sin(A − B) இரண்டையும் கூட்டினால் 2 sin A cos B கிடைக்கிறது. A + B ஐ C என்றும் A − B ஐ D என்றும் எழுதினால் அதுவே sin C + sin D இன் சூத்திரமாகிவிடுகிறது. இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

நான்காம் நாள் தொடக்கம் ஏழாம் நாள் வரை சமன்பாடுகளுக்கே ஒதுக்குகிறேன், ஏனெனில் நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. மேற்சொன்ன மாணவிக்கு நான் கொடுத்த சமன்பாடு இது:

sin 3x + sin x = cos x, 0 ≤ x ≤ 2π

இடப்பக்கத்தை அவர் சரியாக 2 sin 2x cos x என்று மாற்றினார். அடுத்த வரியில் இருபுறமும் cos x ஆல் வகுத்து sin 2x = 1/2 என்று எழுதினார். அங்கேயே இரண்டு தீர்வுகள் போய்விட்டன. பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் cos x என்று எழுதப்பட்டிருக்கும்போது அது பூச்சியமாகவும் இருக்கலாம் என்பது கண்ணில் படுவதில்லை. வகுக்காமல் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து cos x (2 sin 2x − 1) = 0 என்று காரணிப்படுத்தினால், cos x = 0 இலிருந்து π/2, 3π/2 ஆகிய இரண்டும் கிடைக்கின்றன.

அவர் அத்தோடு நிற்கவில்லை. sin 2x = 1/2 இலிருந்து 2x = π/6 எனக் கொண்டு, உடனே இரண்டால் வகுத்து x = π/12 என்று பெற்று, அதன் பிறகு பொதுத் தீர்வின் வடிவத்தை மாட்டி x = nπ + (−1)ⁿ π/12 என்று எழுதிவிட்டார். n = 1 எனப் பிரதியிட்டால் x = 11π/12 வருகிறது; அதற்கு sin 2x இன் பெறுமானம் −1/2. வரிசை மாறியதுதான் பிழை. பொதுத் தீர்வை 2x இற்கு முதலில் எழுத வேண்டும், அதாவது 2x = nπ + (−1)ⁿ π/6; அதன் பிறகு முழுவதையும் இரண்டால் வகுக்க x = nπ/2 + (−1)ⁿ π/12 ஆகும். அப்போது கேட்ட ஆயிடையில் π/12, 5π/12, 13π/12, 17π/12 ஆகிய நான்கும் கிடைக்கின்றன. ஆக மொத்தம் ஆறு தீர்வுகள். ஆயிடையில் x ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது 2x இரண்டு சுற்றுச் சுற்றுகிறது என்பதை நினைத்தால், sin 2x = 1/2 இற்கு நான்கு விடை வரவேண்டும் என்பதைத் தீர்க்கும் முன்பே சொல்லிவிடலாம். இந்த எண்ணிக்கையை ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத் தீர்க்கத் தொடங்கும் பழக்கத்தை இந்த நான்கு நாட்களில் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

தொலைவதற்கு எதிர்மாறானது, இல்லாதது சேர்வது. √3 cos x + sin x = 1 என்பதைப் பலர் √3 cos x = 1 − sin x என்று மாற்றி வர்க்கிக்கிறார்கள். 2 sin² x − sin x − 1 = 0 கிடைத்து, sin x = 1 அல்லது −1/2 என வருகிறது. sin x = −1/2 இற்கு 7π/6 உம் ஒரு விடை; அதை மூலச் சமன்பாட்டில் இட்டால் இடப்பக்கம் −2 ஆகிறது. வர்க்கிக்கும்போது குறி அழிந்துபோவதால், √3 cos x = −(1 − sin x) என்ற இன்னொரு சமன்பாட்டின் விடையும் சேர்ந்து வந்துவிட்டது. இதே சமன்பாட்டை 2 cos(x − π/6) = 1 என்று எழுதினால் x − π/6 = 2nπ ± π/3 ஆகி, x = 2nπ + π/2, x = 2nπ − π/6 என்ற சரியான விடைகள் மட்டுமே கிடைக்கின்றன. வர்க்கித்தல் தடைசெய்யப்பட்ட முறை அல்ல. வர்க்கித்தவர் ஒவ்வொரு விடையையும் மூலச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவர், அவ்வளவே.

எட்டாம், ஒன்பதாம் நாட்களில் முக்கோணி. சைன் நெறி, கோசைன் நெறி ஆகியவற்றின் நிறுவல்களை எழுதிப் பார்க்கும்போது கூர்ங்கோண முக்கோணியோடு விரிகோண முக்கோணியையும் வரைய வேண்டும். அதைவிட நான் அதிக நேரம் செலவிடுவது ஒரே ஒரு கணக்கில்: ABC என்ற முக்கோணியில் a cos A = b cos B எனின் அது எத்தகைய முக்கோணி? சைன் நெறியால் போகிறவர் sin 2A = sin 2B என்று பெற்று, A = B, ஆகவே இருசமபக்க முக்கோணி என முடித்துவிடுகிறார். 2A = π − 2B என்ற மற்றைய வழியும் உண்டு; அப்போது A + B = π/2 ஆகி, C செங்கோணமாகிறது. கோசைன் நெறியால் போகிறவருக்கு c²(a² − b²) = a⁴ − b⁴ கிடைக்கிறது. அவர் இருபுறமும் a² − b² ஆல் வகுத்து c² = a² + b² என எழுதி, செங்கோண முக்கோணி என்கிறார். ஒருவர் ஒரு பாதியையும் மற்றவர் மறுபாதியையும் தொலைத்திருக்கிறார்கள். இரண்டு மாணவர்களைப் பக்கத்தில் இருத்தி, இரு முறைகளிலும் செய்ய விட்டு, தாள்களை மாற்றிப் படிக்கச் சொன்னால் நான் விளக்கவே தேவையில்லை. எது எங்கே விடுபட்டது என்று அவர்களே வாக்குவாதப்பட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பத்தாம் நாள் நேர்மாறுச் சார்புகளுக்கு. இங்கே நுழையும் போலித் தீர்வு இன்னும் நுட்பமானது:

tan⁻¹(x/2) + tan⁻¹(x/3) = π/4

இருபுறமும் tan எடுத்தால் x² + 5x − 6 = 0 ஆகி, x = 1 அல்லது x = −6. ஆனால் x = −6 எனின் இடப்பக்கத்தில் உள்ள இரண்டு கோணங்களும் மறையானவை; அவற்றின் கூட்டுத்தொகை நேராக இருக்க முடியாது. உண்மையில் அது −3π/4. அதற்கும் tan பெறுமானம் 1 ஆகையால்தான் அது உள்ளே வந்தது. ஆகவே x = −6 ஐ ஏன் நிராகரிக்கிறோம் என்ற காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும்; பேசாமல் வெட்டிவிட்டால், தெரிந்து வெட்டினாரா ஊகித்து வெட்டினாரா என்பதைத் திருத்துபவர் அறிய வழியில்லை.

கடைசி இரண்டு நாட்களில் புதிதாக எதையும் படிக்கக் கூடாது. நாளுக்கு இரண்டு பதினேழாம் வினாக்களை, ஒவ்வொன்றுக்கும் 27 நிமிடம் வைத்து எழுத வேண்டும். கணிப்பானுக்கு இடமில்லாத பரீட்சை என்பதால் சரிபார்ப்பும் கையாலேயே நடக்க வேண்டும். அதற்கு நான்கு நிமிடம் ஒதுக்கி, 23 ஆம் நிமிடத்தில் பேனையை நிறுத்தச் சொல்கிறேன். அந்த நான்கு நிமிடத்தில் எல்லா வரிகளையும் திரும்ப வாசிப்பது வீண். எங்கே வகுத்தேன், எங்கே வர்க்கித்தேன், எங்கே tan எடுத்தேன் என்ற மூன்று இடங்களை மட்டும் தேடிப் போக வேண்டும். அந்த மாணவியின் கடைசிப் பயிற்சித்தாளில் cos x ஆல் வகுத்த வரி ஒன்று இருந்தது, ஆனால் கோடிட்டு வெட்டப்பட்டிருந்தது; அதன் கீழே cos x = 0 என்பது வேறு நிற மையில் எழுதப்பட்டிருந்தது, ஓரத்தில் பென்சிலால் 6 என்று.