பரங்கிமலைக் கல்லின் வயதும் அதில் செதுக்கிய எழுத்தின் வயதும்

"கல்லுக்குக் கார்பன் டேட்டிங் எடுக்க எவ்வளவு ஆகும் சார்?" இந்த மாதமும் கேட்டுவிட்டார்கள். கூடவே ஒரு பாலித்தீன் பையில், மேலெல்லாம் பழுப்பேறிப்போன உள்ளங்கை அளவுக் கல் ஒன்று. கோயில் தூணிலிருந்து உதிர்ந்ததாம், கோயில் எந்தக் காலத்தது என்று சொல்ல வேண்டுமாம். இந்தக் கேள்வியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. இரண்டையும் இத்தோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு சின்னது. கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் அளக்க அதில் ஒன்றும் மிஞ்சாது. அதுவும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் பொருந்தும்: மரக்கரி, எலும்பு, விதை. கருங்கல்லுக்குப் பொருந்தாது.

இரண்டாவதுதான் பெரிய தவறு. கல்லின் வயது தெரிந்தால் அதில் செதுக்கிய சிலையின் வயதும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தெரியாது. கல்லுக்குள் ஓடும் கணக்கு, தாய் அணு சிதைந்து சேய் அணுவாக மாறி, அந்தச் சேய் அணு படிகத்தை விட்டு வெளியேற முடியாமல் சிக்கிய நாளிலிருந்து தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில் உருவான படிகம் அது. உளி அதை உடைக்கும், ஆனால் அதற்குள் சேர்ந்திருக்கும் சேய் அணுக்களைத் துடைத்துவிட்டுக் கணக்கைப் புதிதாக ஆரம்பித்து வைக்காது.

இதற்கு நம் ஊர்க் கல்லே சாட்சி. கல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை இருக்கிறது. 1690களைச் சேர்ந்தது. அதன் கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்ததே அந்தக் கல்லறையை வைத்துத்தான். அந்தக் கல்லிலிருந்து ஒரு துண்டை ஆய்வகத்தில் கொடுத்தால் சுமார் 250 கோடி ஆண்டு என்று வரும். 1690 என்று ஒருநாளும் வராது. கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதியிலும் மொழியிலும் தேடுங்கள். மாமல்லபுரத்துப் பாறைக்கும் இதே பதில்தான்.

இனி, உண்மையிலேயே பாறையின் வயது வேண்டும் என்பவர்களுக்கு. சூத்திரம் இவ்வளவுதான்:

```
t = (1/λ) · ln(1 + D/P)
```

P இன்று மிஞ்சியிருக்கும் தாய் அணுக்கள், D அவற்றிலிருந்து பிறந்த சேய் அணுக்கள், λ சிதைவு மாறிலி. பள்ளிக்கூடக் கணக்குப் போல இருப்பதால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால்தான் இது சரியாக வரும். படிகம் உருவானபோதே சேய் அணு உள்ளே இருந்திருக்கக் கூடாது, இருந்திருந்தால் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பிறகு, எந்த அணுவும் உள்ளே வந்திருக்கவோ வெளியே போயிருக்கவோ கூடாது.

முதல் நிபந்தனைக்காகத்தான் சிர்க்கானைத் தேடிப் போகிறோம். பாறையில் சிதறிக் கிடக்கும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான படிகம் அது. உருவாகும்போது தாய் அணுவான யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், சேய் அணுவான ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுக்க ஒதுக்கிவிடும். ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் பெரும்பாலும் அங்கேயே பிறந்தது. ஒட்டிவந்த ஈயத்தை, சிதைவால் உருவாகாத ஈயம்-204 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கழிக்கலாம்.

இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் விழுகிறார்கள். ஆனால் யுரேனியத்தில் ஒரே கல்லுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன: யுரேனியம்-238 ஈயம்-206 ஆகிறது (அரை ஆயுள் 447 கோடி ஆண்டு), யுரேனியம்-235 ஈயம்-207 ஆகிறது (70 கோடி ஆண்டு). ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 250 கோடி ஆண்டு வயதுள்ள, எதையும் இழக்காத சிர்க்கானில் ஈயம்-206/யுரேனியம்-238 விகிதம் 0.4737. ஈயம்-207/யுரேனியம்-235 விகிதம் 10.73. இரண்டையும் சூத்திரத்தில் போட்டால் இரண்டும் 250 கோடி என்றே சொல்லும். இதே சிர்க்கான் மணி அண்மைக் காலத்தில் தன் ஈயத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டது என்று வையுங்கள். விகிதங்கள் 0.379 ஆகவும் 8.58 ஆகவும் இறங்கும். இப்போது முதல் கடிகாரம் 207 கோடி என்கிறது, இரண்டாவது 229 கோடி என்கிறது. ஒரே ஒரு விகிதத்தை மட்டும் அளந்தவர் 207 கோடி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார். தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

மீள வழி உண்டு. ஈயம்-206, ஈயம்-207 இரண்டும் வேதியியலில் ஒன்றே, ஆகவே வெளியே போனால் ஒரே பங்கில்தான் போகும். அவற்றுக்கிடையிலான விகிதம், 207/206, இந்த மணியில் 0.164 என்று மாறாமல் நிற்கும். அதிலிருந்து 250 கோடி திரும்பக் கிடைக்கும். ஆனால் கவனம்: இழப்பு அண்மையில் நடந்திருந்தால்தான் இது செல்லும். வெகு காலத்துக்கு முன்பே ஈயம் போயிருந்தால் இந்த விகிதமும் குறைவான வயதையே காட்டும். அதனால்தான் ஒரு மணியை வைத்து வயது சொல்லக் கூடாது என்கிறோம். பல மணிகளை அளந்து, இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகும் வளைகோடு வரைந்த படத்தில் புள்ளிகளாக வைத்தால், ஒரே வயதுடைய, ஒரே சமயத்தில் ஈயத்தை இழந்த மணிகள் வளைகோட்டை விட்டு விலகி ஒரு நேர்கோட்டில் வரிசையாக நிற்கும். அந்தக் கோடு வளைகோட்டை மேலே வெட்டும் இடம் படிகத்தின் வயது. கீழே வெட்டும் இடம் பல சமயம் ஈயம் போன காலத்தைக் காட்டும்.

இன்னொரு சிக்கல், மணிக்குள்ளேயே இரண்டு காலங்கள் இருக்கலாம். சார்னோகைட் பெரும் வெப்பத்தைக் கண்ட பாறை. பழைய சிர்க்கான் நடுவில் கருவாக நிற்க, அந்த வெப்பத்தில் அதைச் சுற்றிப் புது ஓரம் வளர்ந்திருக்கும். மணியை முழுதாகக் கரைத்து அளந்தால் இரண்டும் கலந்து, எந்த நிகழ்வுக்கும் சேராத வயது ஒன்று வரும். மணிகளைப் பிசினில் பதித்து, பாதி வரை தேய்த்து, எலக்ட்ரான் கற்றையில் ஒளிரும் படம் எடுத்து, கரு எது ஓரம் எது என்று பார்த்த பிறகே 30 மைக்ரான் அகலத்துக்கு லேசரை வைக்க வேண்டும். அறிக்கையில் அந்தப் படம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தயங்காதீர்கள். எல்லாச் சார்னோகைட்டும் 250 கோடி என்றும் நினைத்துவிட வேண்டாம். மதுரைப் பக்கத்துப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்பும் ஒருமுறை வெந்தவை.

மாதிரி எடுப்பவர்களுக்கு: பழுப்பேறிய தோலைச் சுத்தியலால் முழுக்கத் தட்டி நீக்குங்கள். உள்ளே கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போல மினுங்கும் பகுதிதான் வேண்டும், 5 கிலோவாவது வேண்டும். ஜல்லிக் குவியலில் பொறுக்காதீர்கள், அது எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று லாரிக்காரருக்கே தெரியாது. தரையில் மணலோடு சேர்த்து வாரிப் போடவும் கூடாது. மணலில் சிர்க்கான் உண்டு, அது வேறு ஊர்ப் பாறையிலிருந்து அடித்து வந்தது. நொறுக்கும் இயந்திரத்தில் முந்தைய கல்லின் தூள் ஒட்டியிருந்தாலும் இதே கதிதான். ஒரு மாதிரியில் இரண்டே இரண்டு மணிகள் மட்டும் சம்பந்தமில்லாத வயது காட்டினால், புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ளுவதற்கு முன் இயந்திரத்தைத் துடைத்தார்களா என்று கேளுங்கள்.

தயவு செய்து பரங்கிமலையில் சுத்தியலை எடுக்காதீர்கள். அங்கிருக்கும் சார்னோகைட் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அனுமதியுள்ள குவாரியில் புதிதாக வெட்டிய முகத்தில் எடுங்கள். எந்த இடம், தரையிலிருந்து எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று பையின் மேலும் பைக்குள் ஒரு சீட்டிலும் எழுதுங்கள். பையின் மேல் எழுதியது வழியில் அழிந்துவிடும்.