வாலாட்டு நடனத்தைப் படிக்கும்போது: நம் ஊர்த் தேனீக்கு நம் ஊர்க் கணக்கு

தேனீ வளர்ப்பவர்களிடம் பரவலாக ஓடும் கணக்கு ஒன்று உண்டு. நடனமாடும் தேனீ ஒரு நொடி வயிற்றை ஆட்டினால் உணவு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது என்பார்கள். இது ஐரோப்பியத் தேனீக்கு ஓரளவு பொருந்தும். மார்த்தாண்டம் பக்கத்துப் பெட்டிகளில் இருக்கும் அடுக்குத் தேனீக்கு, அதாவது நம் இந்தியத் தேனீக்குப் பொருந்தாது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தேடினால், பக்கத்துத் தோப்பில் இருக்கும் உணவை மூன்று தோப்பு தாண்டிப் போய்த் தேடிக்கொண்டிருப்போம்.

முதலில் நடனத்தைப் பார்ப்போம். நல்ல உணவைக் கண்டு திரும்பிய பணித் தேனீ, வாசலை அடுத்த அடைப் பகுதியில் நேராகச் சிறிது தூரம் நடக்கிறது. நடக்கும்போது உடலை இடமும் வலமுமாக நொடிக்குப் பதின்மூன்று, பதினான்கு முறை ஆட்டுகிறது. சிறகையும் அதிரவிடுகிறது. நடந்து முடித்ததும் ஆட்டத்தை நிறுத்தி, ஒரு பக்கமாக வளைந்து தொடங்கிய இடத்துக்கே வருகிறது. மறுபடியும் நேராக ஆடி நடந்து, இம்முறை மறுபக்கம் வளைகிறது. செய்தி இருப்பது நேராக ஆடி நடக்கும் அந்தப் பகுதியில்தான். வளைந்து திரும்பும் நேரத்தையும் சேர்த்து அளப்பதுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் செய்யும் தவறு.

கோணத்தின் பொருளை 1940-களில் கார்ல் வான் ஃபிரிஷ் கண்டறிந்தார். 1973-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் இவரும் ஒருவர். இருட்டுப் பெட்டிக்குள் சூரியன் தெரியாது. ஆனால் அடை செங்குத்தாகத் தொங்குகிறது, எது மேல் எது கீழ் என்பதைத் தேனீயின் உடல் உணர்கிறது. அதனால் 'மேல்' என்பது சூரியன் இருக்கும் பக்கத்துக்குப் பதிலாக நிற்கிறது. நேர் மேலே ஆடினால் சூரியன் பக்கமாகப் போ. நேர் கீழே ஆடினால் சூரியனுக்கு முதுகைக் காட்டிப் போ. மேலிருந்து 40 பாகை இடப்புறம் சாய்ந்து ஆடினால் சூரியனுக்கு 40 பாகை இடப்புறம் போ. இங்கே சூரியனின் உயரம் கணக்கில் வராது. சூரியனுக்கு நேர் கீழே அடிவானத்தில் ஒரு புள்ளி வைத்தால், அந்தத் திசைதான் கணக்கு.

ஒரு நடனத்தை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி நடுவில், ரப்பர் துளிர் இலைக் காம்புகளில் தேன் சுரக்கும் காலம். மார்த்தாண்டத்தில் காலை ஒன்பது மணிக்குச் சூரியன் வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 111 பாகையில், அதாவது கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே இருக்கும். நடனம் மேலிருந்து 40 பாகை இடம். 111-இல் 40 போனால் 71. ரப்பர் தோட்டம் கிழக்கிலிருந்து சற்று வடக்கே இருக்கிறது.

அதே தோட்டத்துக்கு மதியம் ஆடும் நடனம் இப்படி இருக்காது. பதினொரு மணிக்குச் சூரியன் சுமார் 132 பாகைக்கு வந்துவிடும், ஆகவே நடனம் 61 பாகை இடம் சாயும். பன்னிரண்டுக்கு 158, ஒரு மணிக்கு 196. காலையில் இரண்டு மணி நேரத்துக்கு 21 பாகை நகர்ந்த திசை, உச்சிப் பொழுதில் ஒரே மணி நேரத்தில் 38 பாகை தாவுகிறது. 'மணிக்கு 15 பாகை' என்று மனக்கணக்குப் போடுபவர்கள் நம் ஊரில் சறுக்குவது இங்கேதான். வீடியோ எடுத்த நிமிடத்தைக் குறித்துவைத்து, அந்த நிமிடத்துக்கான சூரியத் திசையைச் செல்போன் செயலியில் பார்த்துக்கொள்வதே சரி. சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும் நாள்களில் நடுப்பகல் நடனங்களை விட்டுவிடுங்கள். அப்போது சூரியனுக்குத் திசை என்று ஒன்று இல்லை, தேனீயும் தடுமாறும்.

இனி தூரம். உணவு தள்ளிப் போகப் போக ஆடி நடக்கும் நேரம் நீளும். ஆனால் தேனீ மீட்டரை அளப்பதில்லை. பறக்கும்போது கண்ணுக்கு முன் ஓடி மறையும் காட்சியைத்தான் அளக்கிறது. மாண்டியம் ஸ்ரீநிவாசன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. சுவரெங்கும் கோலம் ஒட்டிய ஆறு மீட்டர் நீளக் குறுகிய சுரங்கத்தில் பறந்து திரும்பிய தேனீக்கள், ஏறத்தாழ 200 மீட்டர் போய்வந்தது போல ஆடின. சுவர் அருகில் இருந்ததால் காட்சி வேகமாக ஓடியது, அவ்வளவுதான். ஆகவே மரமடர்ந்த தோப்பு வழியாகப் போகும் 200 மீட்டரும், ஏரி மேல் போகும் 200 மீட்டரும் நடனத்தில் ஒன்றல்ல.

இதற்கு மேல் இன வேறுபாடு. அடுக்குத் தேனீ குறுகிய வட்டத்துக்குள் மேய்வது. அதனால் அதன் நடனத்தில் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் நேரம் வேகமாகக் கூடும். தொலைதூரம் போகும் மலைத்தேனீயின் நடனத்தில் அவ்வளவு கூடாது. கொம்புத் தேனீ இடையில் நிற்கும். அது அடையின் தட்டையான மேற்பரப்பில் திறந்த வானத்தின் கீழ் ஆடுவதால், மேல் என்ற மாற்றுக் கணக்கே இல்லாமல் உணவின் திசையையே நேராகக் காட்டும்.

எனவே உங்கள் பெட்டிக்கான தூர அளவை நீங்களேதான் எடுக்க வேண்டும். இயற்கையில் தேன்வரத்து குறைந்த மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ரப்பர் பொழியும்போது சர்க்கரைப் பாகை எந்தத் தேனீயும் சீண்டாது. ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்த பாகை வாசல் அருகே வைத்து, பத்துத் தேனீக்கள் பழகியதும் அவற்றின் மார்பில் வண்ணப் புள்ளி வையுங்கள். பிறகு தட்டை இரண்டு மீட்டர், ஐந்து மீட்டர் என்று மெல்ல நகர்த்துங்கள். ஒரேயடியாக ஐம்பது மீட்டர் தூக்கிப் போனால் அவை பழைய இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். 100, 200, 300 மீட்டரில் நிறுத்தி, புள்ளி வைத்த தேனீக்களின் நடனத்தைப் படமெடுங்கள்.

படமெடுக்க ஒற்றைச் சட்டம் கொண்ட கண்ணாடிப் பெட்டி போதும். கண்ணாடி மேல் கொத்தனாரின் தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிடுங்கள். செல்போன் சாய்ந்திருந்தாலும் நூல் செங்குத்தைக் காட்டிவிடும். பெட்டி நிழலுக்குள் இருக்கட்டும். நீல வானமோ வெயிலோ அடையில் பட்டால் தேனீ புவியீர்ப்பை விட்டு வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், கோணம் முழுக்கப் பொய்யாகும். சட்டத்தைக் கழற்றி இருட்டில் படுக்க வைத்தாலும் திசை குலைந்துவிடும்.

ஒவ்வொரு நடனத்திலும் நேராக ஆடி நடக்கும் ஓட்டங்களில் முதலாவதையும் கடைசியையும் விட்டு, நடுவிலுள்ள நான்கைந்தின் சராசரியை எடுங்கள். அடுத்தடுத்த ஓட்டங்கள் சற்று இடமும் வலமுமாக மாறிமாறி விலகும். உணவு அருகில் இருந்தால் இந்த விலகல் இன்னும் அதிகம். ஒற்றை ஓட்டத்தை நம்பினால் திசை தவறும்.

கணக்கை முடிப்போம். உங்கள் அளவில் 200 மீட்டருக்கு 0.6 நொடி, 300-க்கு 0.9 நொடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 60 சட்டகம் ஓடும் வீடியோவில் அந்தக் காலை நடனத்தின் சராசரி 45 சட்டகம், அதாவது 0.75 நொடி. தோட்டம் 250 மீட்டரில். ஐரோப்பியக் கணக்கில் இதுவே 750 மீட்டர் ஆகியிருக்கும். கோணத்தில் பத்துப் பாகை பிசகினால் 250 மீட்டரில் பக்கவாட்டில் சுமார் 44 மீட்டர் தள்ளிப்போகும். ஆகவே மரத்தைத் தேடாதீர்கள், தோப்பைத் தேடுங்கள். பின்தொடரும் தேனீக்களும் அந்த அளவுக்குத்தான் நடனத்திலிருந்து பெறுகின்றன. அங்கே போய்ச் சேர்ந்ததும், ஆடியவள் உடலில் முகர்ந்த மணத்தைத் தேடி மீதித் தூரத்தைக் கடக்கின்றன.