அன்லிஸ்டட்: பட்டியலில் இல்லை, பூட்டும் இல்லை

யூடியூப்பில் வீடியோ ஏற்றும்போது, அதை யார் பார்க்கலாம் என்று கேட்கும் இடத்தில் Public, Unlisted, Private என்று மூன்று தேர்வுகள் இருக்கும். முதலாவதும் கடைசியும் யாரையும் அதிகம் குழப்புவதில்லை. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது நடுவில் இருப்பதுதான்.

அன்லிஸ்டட் என்றால் பட்டியலில் இடாதது, அவ்வளவுதான். யூடியூப் வருவதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்காவில் டெலிபோன் டைரக்டரியில் அச்சிடாத எண்ணை இப்படித்தான் சொன்னார்கள். டைரக்டரியில் தேடினால் அந்த எண் கிடைக்காது. ஆனால் எண் தெரிந்த யார் அழைத்தாலும் மணி அடிக்கும். 2010-இல் யூடியூப் கொண்டுவந்த அன்லிஸ்டட் வசதியும் அதே கணக்கில்தான் வேலை செய்கிறது. வீடியோ தேடலில் வராது, சேனலின் வீடியோ பட்டியலிலும் தெரியாது. லிங்க் கையில் இருப்பவர் மட்டும் பார்க்கலாம். அவருக்குக் கூகுள் கணக்கு வேண்டாம். அவர் லிங்க்கை இன்னொருவருக்கு அனுப்பவும் தடையில்லை.

தமிழில் இதை ‘மறைவானது’, ‘ரகசியமானது’ என்று எழுதுவதைப் பார்க்கிறோம். இரண்டும் இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொல்கின்றன. ‘பட்டியலில் சேராதது’ என்பதே பொருந்தும். பிரைவேட்டுக்கு ‘தனிப்பட்டது’ என்பது வழக்கில் இருந்தாலும், ‘அழைத்தவர்க்கு மட்டும்’ என்றால் விஷயம் உடனே விளங்கும். பப்ளிக்குக்குப் ‘பொது’ போதும்.

மூன்றாம் வகுப்பு ஆண்டுவிழா நடனத்தை எடுத்துக்கொள்வோம். மேடையில் 42 குழந்தைகள், அம்மா அப்பா இருவரும் பார்க்க வேண்டும் என்றால் 84 பேர். பிரைவேட் வைத்தால் ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் சேர்க்க வேண்டும். ஒரு வீடியோவுக்கு 50 பேர்தான் வரம்பு. கணக்கு இங்கேயே உதைக்கிறது. தவிர, அழைக்கப்பட்ட அதே கூகுள் கணக்கில் உள்நுழைந்தால்தான் வீடியோ ஓடும். போனில் வேறு கணக்கு திறந்திருந்தால், ‘லிங்க் வேலை செய்யவில்லை’ என்று வகுப்பாசிரியருக்கு அழைப்பு வரும். ஆகவே இங்கே அன்லிஸ்டட்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆனால் அதில் கசியும் இடங்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் லிங்க்கைப் போட்டதும் தலைப்பும் முகப்புப் படமும் தெரியும். எனவே தலைப்பில் குழந்தைகளின் பெயர் வேண்டாம், முகப்புப் படத்தில் ஒரே முகத்தை நெருக்கமாகக் காட்டவும் வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு பெற்றோர் அந்த வீடியோவைத் தன் பிளேலிஸ்ட்டில் சேர்த்து, அந்தப் பிளேலிஸ்ட் பொதுவாக இருந்தால், வீடியோ தேடலிலும் வரக்கூடும். பட்டியலில் சேராததை வேறொருவர் தன் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்!

லிங்க் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால், பழைய லிங்க்கை மட்டும் செல்லாததாக்கிப் புதியது வாங்க வழியில்லை. வீடியோவின் அடையாளம் 11 எழுத்து, எண், குறிகள் கொண்ட ஒரு கோவை. வீடியோ இருக்கும்வரை அது மாறாது. பிரைவேட் ஆக்கினால் மற்றவர்களுக்கு ஓடாது, ஆனால் மறுபடி அன்லிஸ்டட் ஆக்கியதும் அதே பழைய லிங்க் உயிர்பெறும். வீடியோவை நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றி, புது லிங்க்கை அனுப்புவதே வழி. யாராவது ஏற்கெனவே பதிவிறக்கியிருந்தால் அதற்கு இந்த மூன்றில் எந்தத் தேர்வும் உதவாது.

அலுவலகத்தில் நிலைமை வேறு. நிறுவனத்தின் சம்பள மென்பொருளை ஆறு பேருக்குச் சொல்லித்தரும் பதிவில், திரையில் ஊழியர் பெயர்களும் தொகைகளும் இருக்கும். அதற்குப் பிரைவேட்தான். studio.youtube.com-இல் Content பக்கத்தில் அந்த வீடியோவைத் திறந்து, Visibility பகுதியில் Private-ஐத் தேர்ந்து, Share privately-ஐ அழுத்தி ஆறு மின்னஞ்சல்களை இட்டு, Done, பிறகு Save. கடைசி Save-ஐ விட்டுவிட்டால் மாற்றம் சேமிக்கப்படாது. பிரைவேட் வீடியோவில் கருத்து எழுத முடியாது. கேள்விகளை மின்னஞ்சலில்தான் வாங்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் சரிபார்க்க, உலாவியில் மறைநிலைச் சாளரம் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் லிங்க்கை ஒட்டிப் பாருங்கள். பிரைவேட் என்றால் வீடியோ ஓடாது. ஓடினால் அது பிரைவேட் இல்லை. ஏற்றியவரின் சொந்தக் கணக்கில் மூன்றும் ஓடும் என்பதால், அங்கே பார்ப்பது சோதனையே ஆகாது.

பள்ளித் தளத்தில் பதித்திருந்த பழைய அன்லிஸ்டட் வீடியோ ஓடவில்லை என்றால், ஏற்றிய தேதியைப் பாருங்கள். லிங்க்குகளை யூகிக்கக் கடினமாக்கும் பாதுகாப்பு மாற்றத்துக்காக, 2017-க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டட் வீடியோக்களை, உரிமையாளர் வேண்டாம் என்று தெரிவிக்காத பட்சத்தில், யூடியூப் 2021 ஜூலையில் பிரைவேட் ஆக்கியது. மூலக் கோப்பு கையில் இருந்தால், புதிதாக ஏற்றி, தளத்தில் லிங்க்கை மாற்றிவிடலாம்.